ஆம்பூர் தொழிற்சாலை ஐபிஓ போகிறது: பில்லில் வராத செலவைக் கணக்குப் போடுவது எப்படி

நண்பரின் மகன் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஷூ அப்பர் தைக்கும் தொழிற்சாலை நடத்துகிறான். போன மாதம் வேலூரில் என் அலுவலகத்துக்கு வந்தவன் ஒரு கோப்பை மேசைமேல் வைத்தான். பங்கு வெளியீட்டை நடத்திக் கொடுக்க சென்னையிலிருந்து வந்த மெர்ச்சன்ட் பேங்கர் கொடுத்துவிட்டுப் போனதாம். "மாமா, ஐபிஓ போனால் மொத்தச் செலவே எட்டு சதவீதம்தானாம். பேங்க் வட்டியைவிடக் குறைவு" என்றான்.

எட்டு சதவீதம் என்பது பில் வரும் செலவு. பில் வராத செலவு ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் அதுதான் பெரியது. அதை அவனுக்கு விளக்கியதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை டேனரியோ ஷூ கம்பெனியோ வைத்திருந்து, "பங்குச்சந்தைக்குப் போகலாமா?" என்று முதல்முறையாக யோசிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. பங்கு வாங்கும் ஆட்களுக்கான கட்டுரை அல்ல, விற்கும் ஆட்களுக்கானது.

முதல் படி: பில் வரும் செலவைப் பாருங்கள்

இதில் அதிக நேரம் போக வேண்டியதில்லை. சமீபத்தில் ஐபிஓ வந்த, உங்கள் அளவுள்ள ஒரு கம்பெனியின் இறுதி புராஸ்பெக்டஸை செபி இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். திரட்டும் பணத்தை எதற்குச் செலவிடப் போகிறோம் என்று சொல்லும் அத்தியாயத்தில் வெளியீட்டுச் செலவு அட்டவணை ஒன்று இருக்கும். மெர்ச்சன்ட் பேங்கர் கட்டணம், வக்கீல், ஆடிட்டர், ரிஜிஸ்ட்ரார், விளம்பரம், செபிக்கும் பங்குச்சந்தைகளுக்கும் கட்டும் தொகை, விண்ணப்பங்களைக் கொண்டுவரும் புரோக்கர்களுக்கும் வங்கிகளுக்கும் தரும் கமிஷன் எல்லாம் வரிவரியாக வரும். தொகைகள் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று அடிக்குறிப்பில் பாருங்கள். வெளியீடு சிறியதாக இருந்தால் சதவீதம் ஏறும், ஏனென்றால் வக்கீலும் ஆடிட்டரும் செய்யும் வேலை வெளியீட்டின் அளவுக்கு ஏற்பக் குறைவதில்லை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த அட்டவணையோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: மேசையில் விட்டுவந்த பணத்தைக் கணக்குப் போடுங்கள்

பங்கை 200 ரூபாய்க்கு விற்கிறீர்கள், முதல் நாள் சந்தை முடியும்போது அது 260 ரூபாயில் நிற்கிறது என்று வையுங்கள். மறுநாள் ஊரே வந்து வாழ்த்தும். ஆனால் 260 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்த சந்தையிடம் 200 ரூபாய்க்கு விற்றிருக்கிறீர்கள். விலைக்குறைப்பு 30 சதவீதம். பங்கு ஒன்றுக்கு 60 ரூபாயை விற்ற பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதை ஆய்வாளர்கள் "மேசையில் விட்டுவந்த பணம்" என்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜே ரிட்டர் பல பத்தாண்டுகளாக இந்தக் கணக்கைத் தொகுத்து வருகிறார்.

நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஐஆர்சிடிசி. 2019 அக்டோபரில் மத்திய அரசு 2 கோடியே சொச்சம் பங்குகளை 320 ரூபாய்க்கு விற்றது. முதல் நாள் முடிவில் விலை சுமார் 728 ரூபாய். அரசுக்குக் கிடைத்தது சுமார் 640 கோடி, மேசையில் விட்டது சுமார் 820 கோடி. கைக்கு வந்ததைவிட விட்டுவந்தது அதிகம்! ஆனாலும் அன்றைக்கு அதை வெற்றி என்றுதான் எல்லோரும் பேசினார்கள்.

இப்போது நம் தம்பியின் தொழிற்சாலைக்கு வருவோம். எண்களைக் கணக்கு எளிதாக வரட்டும் என்று நானே வைத்துக்கொண்டேன். வெளியீட்டுக்கு முன் குடும்பத்திடம் 3 கோடி பங்குகள். புதிதாக 1 கோடி பங்குகளை 200 ரூபாய் வீதம் வெளியிட்டு 200 கோடி திரட்டுகிறார்கள். பில் செலவு 8 சதவீதம், அதாவது 16 கோடி. கம்பெனிக் கணக்கில் சேர்வது 184 கோடி. முதல் நாள் முடிவு விலை 260.

அன்று சாயங்காலம் கம்பெனியின் மொத்த மதிப்பு 4 கோடி பங்கு பெருக்கல் 260, அதாவது 1,040 கோடி. அதில் புதிதாக வந்த ரொக்கம் 184 கோடியைக் கழித்தால் தொழிற்சாலையின் மதிப்பு 856 கோடி. இது முழுக்கக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. இப்போது குடும்பத்தின் 3 கோடி பங்குகளுக்கு மதிப்பு 780 கோடி. 856-லிருந்து 780. குறைந்தது 76 கோடி. பில் செலவு 16 கோடி, மேசையில் விட்டது 60 கோடி, இரண்டும் சேர்ந்து அதே 76.

கம்பெனிக்கு வந்த 184 கோடிக்கு 76 கோடி செலவு என்றால், கைக்கு வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 41 காசு. தம்பி சொன்ன எட்டு சதவீதம் இதுதான்.

வங்கி வட்டியோடு ஒப்பிட்டுப் பேசியதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இதே 184 கோடியைப் பத்து சதவீத வட்டிக்கு வாங்கினால் வருஷத்துக்கு 18.4 கோடி. 76 கோடி என்பது ஏறக்குறைய நாலு வருஷ வட்டியை முதல் நாளே கட்டியதற்குச் சமம். பங்குப் பணத்துக்கு அசல் திருப்பித் தர வேண்டாம், ஏற்றுமதி ஆர்டர் நின்றுபோன வருஷம் வங்கி கதவைத் தட்டாது என்பதெல்லாம் உண்மைதான். அதனால் ஐபிஓ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எட்டு சதவீதம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இங்கே பலர் தப்புப் பண்ணும் ஓர் இடம்

"சரி, அப்படியென்றால் 260 ரூபாய்க்கு விற்றிருக்கலாம்" என்றான் தம்பி. அதுவும் சரியில்லை. நியாயமான விலை 280.

காரணம் இது. முதல் நாள் முடிவில் தெரியும் 260 என்பது, ஒரு கோடிப் பங்குகளை மலிவாகக் கொடுத்ததன் நஷ்டத்தை ஏற்கெனவே உள்ளே வாங்கிக்கொண்ட விலை. சரியான விலைக்கு விற்றிருந்தால் அதே 200 கோடியைத் திரட்ட ஒரு கோடிப் பங்கு தேவைப்பட்டிருக்காது. 1,040 கோடி மதிப்பில் புதியவர்களுக்கு 200 கோடி போக, குடும்பத்துக்கு 840 கோடி மிஞ்ச வேண்டும். 840 கோடியை 3 கோடி பங்குகளால் வகுத்தால் 280. அந்த விலையில் சுமார் 71.4 லட்சம் பங்குகள் போதும். ஐபிஓவில் குறைந்தது 25 சதவீதம் விற்க வேண்டும் என்ற விதியைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால், குடும்பத்தின் கையில் 75 சதவீதத்துக்குப் பதில் 80.8 சதவீதம் நின்றிருக்கும்.

கம்பெனிக்குள் பணம் வரும் புதிய வெளியீட்டில்தான் இப்படி. ஐஆர்சிடிசி போல பழைய பங்குதாரர் தன் கையிலிருப்பதை விற்கும் ஓஎஃப்எஸ் என்றால் கம்பெனிக்குள் எதுவும் வருவதில்லை, மொத்தப் பங்கு எண்ணிக்கையும் மாறுவதில்லை. அங்கே முடிவு விலையே ஒப்பிடும் விலை, நஷ்டமும் விற்றவருக்கு மட்டும்தான். குடும்பத்தில் சித்தப்பா மட்டும் விற்றுவிட்டு ஒதுங்குகிறார், மற்றவர்கள் கம்பெனிக்காகப் பணம் திரட்டுகிறார்கள் என்றால் இந்த இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வீட்டுக்குள் சண்டை வரும்.

மூன்றாம் படி: ஏன் மலிவாக விற்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

தோல் வியாபாரிக்கு இதை விளக்குவது சுலபம். பச்சைத் தோல் மண்டிக்கு இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் கையால் தடவிப் பார்த்தே செலக்‌ஷன் சொல்லிவிடும் பழைய ஆள். இன்னொருவர் புதுசு. நல்ல லாட் வந்தால் பழைய ஆளும் கேட்பார், புதியவருக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். உண்ணிக்கடியும் வெட்டுக்காயமுமான லாட் வந்தால் பழையவர் ஒதுங்கிவிடுவார், முழுசும் புதியவர் தலையில் விழும். இரண்டு மூன்று தடவை அடிபட்டால் புதியவர் மண்டிப் பக்கமே வர மாட்டார். அவர் தொடர்ந்து வர வேண்டும் என்றால், சராசரியாக எல்லா லாட்டையும் கொஞ்சம் மலிவாகத்தான் தர வேண்டும்.

கெவின் ராக் என்ற பொருளாதார அறிஞர் 1986-இல் ஐபிஓ மலிவு பற்றிச் சொன்ன விளக்கம் இதேதான். விவரம் தெரியாத முதலீட்டாளர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டால், பெரும்பாலும் அது விவரம் தெரிந்தவர் ஒதுக்கிய பங்கு. பத்து ஐபிஓவுக்கு விண்ணப்பித்து, நல்ல ஏழில் ஒரு லாட்கூட விழாமல், சொதப்பிய மூன்றிலும் முழுசாகக் கிடைத்தவர்கள் வேலூரில் நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் கேட்டாலே போதும்.

இரண்டாவது காரணம் மெர்ச்சன்ட் பேங்கரின் நிலை. கட்டணம் பொதுவாகத் திரட்டும் தொகையில் ஒரு சதவீதக் கணக்கு. மூன்று சதவீதம் என்று வைத்தால் 200 கோடிக்கு 6 கோடி. உங்களுக்காகப் போராடி விலையை 220-க்கு ஏற்றினால் உங்களுக்கு 20 கோடி கூடும், அவருக்கு 60 லட்சம்தான் கூடும். ஆனால் அந்த விலையில் வெளியீடு நிரம்பாமல் போனால் அவருக்கு 6 கோடியும் பெயரும் போகும். அதோடு, நீங்கள் அவரிடம் வாழ்நாளில் ஒரு தடவை வருகிறீர்கள், மியூச்சுவல் ஃபண்டுக்காரர்களை அவர் மாதாமாதம் பார்க்கிறார். அவர் நேர்மையில்லாதவர் என்று சொல்லவில்லை. தராசு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

மூன்றாவது காரணம் நாமேதான். 200 ரூபாய் விலையில் குடும்பத்தின் பங்கு 600 கோடி என்று மனதில் பதிந்துவிடுகிறது. லிஸ்டிங் அன்று அது 780 ஆகத் தெரிந்ததும் 180 கோடி லாபம் என்ற சந்தோஷத்தில் 60 கோடி நஷ்டம் கண்ணுக்குப் படுவதில்லை. லாஃப்ரனும் ரிட்டரும் 2002-இல் இதைத்தான் எழுதினார்கள்: இவ்வளவு பணத்தை விட்டுவிட்டும் முதலாளிகளுக்கு ஏன் கோபம் வருவதில்லை என்றால், அதே நாளில் அதைவிடப் பெரிய நல்ல செய்தி ஒன்று வந்துவிடுகிறது.

நான்காம் படி: விலை எந்த நாளில் முடிவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புக் பில்டிங் என்றால், ஒரே விலையைச் சொல்லாமல் விலைப்பட்டை ஒன்றை அறிவித்து, யார் எந்த விலைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று புத்தகத்தில் எழுதி, அதைப் பார்த்து விலையை முடிவுசெய்வது. பாடப்புத்தகம் படித்தால் கேட்பு எவ்வளவு ஏறுகிறதோ விலையும் அவ்வளவு ஏறும் என்று தோன்றும். இங்கே அப்படி நடப்பதில்லை.

செபி விதிப்படி பட்டையின் மேல்விலை, கீழ்விலையைவிட 20 சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது, குறைந்தது 5 சதவீதமாவது உயர்ந்திருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலானவர்கள் அந்த 5 சதவீதத்தை ஒட்டியே வைக்கிறார்கள். நம் உதாரணத்தில் 190 முதல் 200 வரை என்று வையுங்கள். வெளியீடு திறந்து 60 மடங்கு கேட்பு வந்தாலும் விலை 200 தான். மேல்விலைக்கு மேலே 205 என்று ஒருவர் எழுத இடமே இல்லை. பட்டையை நடுவில் திருத்த விதி இடம் கொடுக்கிறது, ஆனால் மறுபடி அறிவித்து நாட்களை நீட்டிக்க வேண்டும். அதோடு பெரிய நிறுவனங்களின் கேட்பு கடைசி நாளில், அதுவும் கடைசி சில மணி நேரத்தில்தான் வந்து கொட்டும். விலை குறைவு என்று உங்களுக்குத் தெரியும்போது கடையை மூடும் நேரம் ஆகியிருக்கும்.

ஆகவே, 60 மடங்கு கேட்பு வந்தது என்பதைக் கம்பெனியின் பெருமையாக மட்டும் பார்க்காதீர்கள். பட்டையைக் கீழே வைத்துவிட்டோம் என்பதற்கும் அதுவே அடையாளம்.

அப்புறம், மலிவு விலையைக் கொடுத்து நல்ல தகவலை வாங்கும் வழியும் இங்கே குறுகியது. பென்வெனிஸ்டே, ஸ்பிண்ட் இருவரும் 1989-இல் சொன்ன கருத்தின்படி, "இந்தக் கம்பெனிக்கு நான் இவ்வளவு தருவேன்" என்று உண்மையைச் சொல்லும் பெரிய முதலீட்டாளருக்குப் பரிசாகத்தான் மலிவான பங்கு ஒதுக்கப்படுகிறது. யாருக்கு எவ்வளவு என்று பேங்கர் தன் விருப்பப்படி ஒதுக்க முடிந்தால்தான் அது நடக்கும். இந்தியாவில் 2005-இல் நிறுவன முதலீட்டாளர்களுக்கும் விகிதாசார ஒதுக்கீடு என்றாகிவிட்டது. வாய்மூடி இருந்தவருக்கும் தகவல் தந்தவருக்கும் கேட்டதற்கு ஏற்ப ஒரே விகிதம்தான். விருப்பப்படி ஒதுக்கும் அதிகாரம், வெளியீடு திறக்கும் முன்பே பெரிய நிறுவனங்களுக்கு ஒதுக்கும், 2009-இல் வந்த ஆங்கர் பகுதியில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

விலை உண்மையில் முடிவாவது, பட்டையை அறிவிப்பதற்கு முந்தைய வாரங்களில். ரோட்ஷோவில் பேங்கர் ஃபண்டுக்காரர்களை உங்களோடு போய்ப் பார்க்கிறாரே, அப்போது. வெளியீடு திறப்பதற்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னால் பட்டையை அறிவிக்க வேண்டும். திறப்பதற்கு முந்தைய வேலை நாளில் ஆங்கர் ஒதுக்கீடு. அதன்பின் பொதுவாக மூன்று நாள் விண்ணப்பம், மூடிய மூன்றாவது வேலை நாளில் லிஸ்டிங். பேரம் பேச உங்களுக்குக் கிடைக்கும் நேரம் பட்டை அறிவிப்போடு முடிந்தது.

ஐந்தாம் படி: பட்டைக்கு முன் கேட்க வேண்டியவை

ரோட்ஷோவில் பார்த்த ஒவ்வொரு ஃபண்டும் என்ன விலை சொன்னது, எவ்வளவு வாங்குவதாகச் சொன்னது என்று எழுத்தில் கேளுங்கள். "ரெஸ்பான்ஸ் நல்லா இருக்கு சார்" என்ற வாய்ச்சொல் போதாது. பத்து ஃபண்டில் எட்டு பேர் 230 வரை தயார் என்றால் 200 மேல்விலைக்குக் காரணம் சொல்ல வேண்டியது பேங்கர்.

அந்த பேங்கர் கடைசியாகக் கொண்டுவந்த பத்து வெளியீடுகளை எடுத்து, முதல் நாள் முடிவையும் ஆறு மாதம் கழித்து இருந்த விலையையும் நீங்களே அட்டவணை போடுங்கள். அன்றைய சந்தை ஏற்ற இறக்கத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலும் ஆறு மாதத்திலும் தொடர்ந்து மேலே நிற்கிறது என்றால் இவர் மலிவாக விற்கும் ஆள். முதல் நாள் ஏறி ஆறு மாதத்தில் வெளியீட்டு விலைக்கே திரும்பிவிட்டது என்றால் விலை சரிதான், அன்றைக்குச் சந்தைக்குத்தான் ஜுரம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் முதல் நாள் எண்ணை மட்டும் வைத்து பேங்கரைக் குறை சொல்வது அநியாயம். நம் கணக்கில் வைத்த 260-ம் ஆறு மாதம் நின்றால்தான் 60 கோடி உண்மையான நஷ்டம்.

விலையில் ஜெயிக்க முடியாவிட்டால் அளவில் ஜெயிக்கலாம். திரட்டும் தொகை முழுவதும் இப்போதே தேவையா? புதிய ஆலைக்கு ஒரு பகுதி இப்போதும், மீதி இரண்டு வருஷம் கழித்தும் என்றால், இப்போது குறைவான பங்குகளை மட்டும் விற்றுவிட்டு, சந்தை விலை தெரிந்தபின் அடுத்த கட்டம் போகலாம். ஆனால் இந்த அளவுள்ள கம்பெனி, வெளியீட்டுக்குப் பின் இருக்கும் மொத்தப் பங்குகளில் குறைந்தது 25 சதவீதத்தை ஐபிஓவில் விற்றாக வேண்டும். நம் உதாரணத்தின் ஒரு கோடிப் பங்கு அந்த எல்லையிலேயே நிற்கிறது, அதற்கு மேல் விற்க நினைப்பவர்தான் குறைக்க முடியும். மலிவு விலையில் போகும் பங்குகள் அந்த அளவுக்குக் குறையும். பில் செலவின் சதவீதம் ஏறும்தான், ஆனால் மேசையில் விடும் பணத்தில் மிச்சமாவது பெரும்பாலும் அதைவிட அதிகம். "பொதுவான கம்பெனித் தேவைகளுக்கு" என்று தொகையை ஊதிப் பெருக்கும் பழக்கம் விலை குறைவாக இருக்கும்போது ரொம்பக் காஸ்ட்லி.

ஊரில் புழங்கும் கிரே மார்க்கெட் பிரீமியத்தை வைத்து விலை நிர்ணயிக்கலாமா என்றும் தம்பி கேட்டான். கூடாது. அது லிஸ்டிங்குக்கு முன்பே கொஞ்சம் பேர் சிறிய அளவில், சட்டத்துக்கு வெளியே பேசிக்கொள்ளும் விலை. ஒரு கோடிப் பங்கை அந்த விலைக்கு அவர்கள் வாங்க மாட்டார்கள். பட்டை அறிவித்தபின் அது எகிறினால், நாம் கோட்டைவிட்டோமோ என்று சந்தேகப்பட மட்டும் பயன்படும்.

எல்லை எங்கே

இதைப் படித்துவிட்டு மேசையில் ஒரு ரூபாய்கூட விடக்கூடாது என்று கிளம்பினாலும் ஆபத்துதான். 2021 நவம்பரில் பேடிஎம் 2,150 ரூபாய்க்கு வந்து முதல் நாளே சுமார் 27 சதவீதம் விழுந்தது. விற்றவர்களுக்கு அன்று நல்ல விலை கிடைத்தது, ஆனால் வெளியீட்டில் வாங்கியவர்கள் முதல் நாளே கால்பங்குக்கு மேல் இழந்தார்கள். ஒரே தடவை விற்றுவிட்டு வெளியேறுபவருக்கு அது கவலையில்லை. ஆம்பூரிலேயே இருந்து, இரண்டு வருஷத்தில் மறுபடி பணம் கேட்கப் போகும் குடும்பத்துக்கு அது பெரிய கவலை. நான் பார்த்தவரை பத்து, பதினைந்து சதவீத ஏற்றத்தை இந்தத் தொழிலின் கமிஷன் என்று எடுத்துக்கொள்ளலாம். முப்பதைத் தாண்டினால் கேள்வி கேட்க வேண்டும்.

சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான எஸ்எம்இ தளத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலையிலிருந்து என்எஸ்இ-யில் எஸ்எம்இ பங்குகள் லிஸ்டிங் நாளின் தொடக்க அமர்வில் வெளியீட்டு விலையைவிட 90 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. அதனால் அங்கே முதல் நாள் முடிவை வைத்துக் கணக்குப் போட்டால், சில சமயம் உண்மையான இடைவெளி அடுத்த நாட்களில்தான் தெரியும். கூடவே, வெளியீடு முழுவதும் அண்டர்ரைட் செய்யப்பட வேண்டும், அதாவது விற்காமல் மிஞ்சுவதை வாங்கிக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சந்தையில் பங்கை வாங்கவும் விற்கவும் எப்போதும் தயாராக நிற்கும் மார்க்கெட் மேக்கரை மூன்று வருஷத்துக்கு வைக்க வேண்டும். அந்தச் செலவும் பில் பக்கத்தில் சேரும்.

தம்பி கோப்பை எடுத்துக்கொண்டு, பேங்கருக்கு என் எதிரிலேயே போன் போட்டான். எட்டு சதவீதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. கடைசிப் பத்து வெளியீடுகளின் ஆறு மாத விலைப் பட்டியலைக் கேட்டான். அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.